குழாய் நீரின் இருவகை ஓட்டம்
மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் அறிய வேண்டிய ஒரு பரிசோதனை

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளிலும், அற்றனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் சரிவான நிலங்களில் மரக்கறி செய்வோர் பலர், மேட்டிலுள்ள ஊற்றிலிருந்தோ பீலியிலிருந்தோ குழாய் மூலம் நீரை இறக்கித் தூவிகளை இயக்குகின்றனர். எண்ணெயும் மின்சாரமும் வேண்டாத முறை இது. ஆயினும் ஒரு தூவி நன்கு சுழன்ற குழாயில் இரண்டாவது தூவியையும் பொருத்தியவுடன் இரண்டுமே சோர்ந்து விடுவதைப் பலர் கண்டிருப்பர். ஊற்றில் நீர் குறையவில்லை, குழாயும் ஒழுகவில்லை. அவ்வாறாயின் அமுக்கம் எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு விடை குழாயினுள்ளேயே இருக்கின்றது. அதனை ஒரு வாளியையும் ஒரு மெல்லிய குழாயையும் கொண்டு எவரும் கண்டறியலாம்.

அமுக்க இழப்பு என்பது யாது?

நிற்கும் நீரின் அமுக்கம் அதன் உயரத்தையே பொறுத்தது. ஊற்று தூவிக்கு 15 மீற்றர் மேலே இருக்குமாயின், வாய் மூடிய குழாயின் அடியில் 15 மீற்றர் நீருயரத்துக்குரிய அமுக்கம் முழுமையாக இருக்கும். நீர் ஓடத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதி, குழாய்ச் சுவருடனும் நீர்ப் படைகளுக்கிடையிலும் உண்டாகும் உராய்வுக்குச் செலவாகின்றது. எஞ்சியதே தூவிக்குக் கிடைக்கும். உராய்வுக்குச் செலவாகும் பங்கையே அமுக்க இழப்பு என்கிறோம். ஓடும் நீரின் அளவு கூடக் கூட இவ்விழப்பும் கூடும். எந்த விகிதத்திற் கூடும் என்பதே இங்கு நாம் ஆராய வேண்டியது.

பரிசோதனை செய்யும் விதம்

உள்விட்டம் 4 மில்லிமீற்றர் கொண்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாய் 5 மீற்றர் நீளத்துக்கு எடுத்துக்கொள்க. அதன் ஒரு நுனியை வாளியின் அடிப்பக்கத்திற் பொருத்தி, மற்ற நுனியைச் சரிவில் நேராக நீட்டி வைக்கவும். குழாயைச் சுருட்டி வைத்தலாகாது. சுருள் நீரோட்டத்தின் தன்மையையே மாற்றிவிடும். உள்ளே காற்றுக் குமிழிகள் தங்காதவாறு நீரை ஓடவிட்டு வெளியேற்றுக. வாளியின் நீர்மட்டம் மாறாதிருக்க, மேலிருந்து சிறிது சிறிதாக நீர் விட்டு, மிகுதி விளிம்பால் வழியும்படி செய்யவும்.

இனி, வாளியின் நீர்மட்டத்துக்கும் குழாயின் வெளிவாய்க்கும் இடையிலுள்ள உயரத்தை முதலில் 15 சதமமீற்றராக வைத்து, ஒரு லீற்றர் போத்தல் நிரம்ப எவ்வளவு நேரமாகின்றது எனக் கடிகாரத்திற் பார்க்கவும். பின்னர் உயரத்தை ஒவ்வொரு முறையும் இருமடங்காக்கி அவ்வாறே அளக்கவும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையான ஏறத்தாழ 16 பாகைச் சதமத்தில் உள்ள நீருக்கு, கணக்கின்படி எதிர்பார்க்கத்தக்க அளவுகள் பின்வருமாறு:

15 சதமமீற்றர் உயரம்: நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர், போத்தல் நிரம்ப 10 நிமிடம்.
30 சதமமீற்றர்: ஏறத்தாழ 200 மில்லிலீற்றர், 5 நிமிடம்.
60 சதமமீற்றர்: ஏறத்தாழ 385 மில்லிலீற்றர், 2 நிமிடம் 36 செக்கன்.
120 சதமமீற்றர்: ஏறத்தாழ 480 மில்லிலீற்றர், 2 நிமிடம் 5 செக்கன்.
240 சதமமீற்றர்: ஏறத்தாழ 710 மில்லிலீற்றர்; 1 நிமிடம் 25 செக்கன்.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குக. முதல் மூன்று அளவுகளிலும் உயரம் இருமடங்காக, நீரும் ஏறக்குறைய இருமடங்காகின்றது. நான்காவதிலோ உயரம் இருமடங்காகியும் நீர் காற்பங்கே கூடுகின்றது. ஐந்தாவதில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. 60 சதமமீற்றருக்கும் 120 சதமமீற்றருக்கும் இடையில் குழாயினுள் ஏதோ ஒரு மாற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

சீரோட்டமும் கொந்தளிப்போட்டமும்

அம்மாற்றத்தைக் கண்ணாலும் காணலாம். பீற்றூட் சாற்றை ஒரு நுண்ணிய ஊசிக்குழலால் குழாயின் தொடக்கத்தில் மெல்லச் செலுத்துக. தாழ்ந்த உயரங்களில் அச்சாறு சிவந்த நூல்போல நெடுந்தூரம் கலையாது செல்லும். நீரின் படைகள் ஒன்றோடொன்று கலவாமல், நடுப்படை விரைவாகவும் சுவரை ஒட்டிய படை மிக மெதுவாகவும் வழுக்கிச் செல்வதே அதற்குக் காரணம். இது சீரோட்டம். உயரங் கூடியதும் அந்நூல் அசைந்து, அறுந்து, குழாய் முழுவதும் செந்நிறமாகப் பரந்துவிடும். நீர் சிறு சிறு சுழல்களாகப் புரண்டு ஓடுகின்றது. இது கொந்தளிப்போட்டம். சுழல்களைப் புரட்டுவதற்கும் அமுக்கம் செலவாவதனாலேயே இழப்பு திடீரென உயருகின்றது.

சாறு கிடையாவிடின் வெளிவாயை நோக்குக. சீரோட்டத்தில் விழும் நீர்த்தாரை கண்ணாடிக் கம்பிபோலத் தெளிவாக இருக்கும். கொந்தளிப்பில் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகி மங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் தாரை சிறிது நேரம் நீண்டும் சிறிது நேரம் குறுகியும் துடிக்கும். இந்நிலையில் எடுக்கும் அளவுகள் முறைக்கு முறை வேறுபடுமாதலால், அவற்றை மூன்று நான்கு முறை எடுத்துச் சராசரி காண வேண்டும்.

சாயநூலைக் கொண்டு இவ்விரு ஓட்டங்களையும் கண்ணாடிக் குழாயில் பிரித்துக் காட்டி 1883ஆம் ஆண்டில் வெளியிட்டவர், இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிற் பேராசிரியராயிருந்த ஒஸ்போர்ண் இறேனோல்ட்ஸ் ஆவார். நீரின் வேகத்தைக் குழாயின் விட்டத்தாற் பெருக்கி, நீரின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்ணால் வகுத்தால் வரும் ஈவு 2000க்குக் கீழிருந்தால் ஓட்டம் பெரும்பாலும் சீரானது. 4000க்கு மேற்பட்டால் பெரும்பாலும் கொந்தளிப்பானது. இவ்வெண் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எமது பரிசோதனையில் 60 சதமமீற்றர் உயரத்தில் அது ஏறத்தாழ 1850. 120 சதமமீற்றரில் 2300. வாளி நீர் மிக அமைதியாயிருந்தால் சீரோட்டம் இவ்வெல்லைக்கு அப்பாலும் சிறிது நீடிக்கலாம்.

தூவிக் குழாயிற் கணக்கு

இனி முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். உள்விட்டம் 25 மில்லிமீற்றர், நீளம் 100 மீற்றர் கொண்ட வழுவழுப்பான பிளாஸ்ரிக் குழாயை எடுத்துக்கொள்வோம். இதிற் சீரோட்டம் நிலைப்பதற்கு நிமிடத்துக்கு 2½ லீற்றர் அளவுக்கு மேல் நீர் ஓடலாகாது. எந்தத் தூவிக்கும் அது போதாது. ஆகவே தூவிக்கு நீர் கொண்டு செல்லும் பிரதான குழாயில் எப்போதும் கொந்தளிப்பே நிகழ்கின்றது எனக் கொள்ளலாம். அங்கு நீரை இருமடங்காக்கினால் இழப்பு இருமடங்கன்று, ஏறத்தாழ 3⅓ மடங்காகும்.

நிமிடத்துக்கு 20 லீற்றர் செல்லும்போது இக்குழாயில் இழப்பு ஏறத்தாழ 2.7 மீற்றர். ஊற்று 15 மீற்றர் உயரத்தில் இருந்தால் தூவிக்கு 12 மீற்றருக்கு மேல் எஞ்சும். அத்தகைய இரண்டாவது தூவியையும் திறந்து 40 லீற்றர் பெற முயன்றால் இழப்பு 9 மீற்றராகும். எஞ்சுவது 6 மீற்றரே. அவ்வமுக்கத்தில் 40 லீற்றரை வெளியேற்ற இரண்டு தூவிகளாலும் இயலாது. ஆகவே இரண்டும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16½ லீற்றர் என்னும் அளவில் நிலைபெறும். தூவியிலுள்ள அமுக்கம் 8½ மீற்றராக இறங்கிவிடும். அதனால் எறிதூரம் குறையும், துளிகள் பருக்கும், பருத்த துளி இளம் கரட் நாற்றைச் சாய்த்து மண்ணையும் இறுக்கும், பாத்தியின் ஓரங்கள் நனையா.

இதற்குப் பரிகாரம் ஊற்றை மேலும் உயரத்திற் தேடுவதன்று. அதே குழாயை 32 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ளதாக மாற்றினால், 40 லீற்றருக்கான இழப்பு 9 மீற்றரிலிருந்து ஏறத்தாழ 2.8 மீற்றராகக் குறையும். இரு தூவிகளும் முழுவலுவுடன் சுழலும். வாங்கும்போது ஒன்றை நினைவிற் கொள்க: பிளாஸ்ரிக் குழாய்களிற் பெரும்பாலும் குறிக்கப்படுவது வெளிவிட்டமாகும். சுவரின் தடிப்பைக் கழித்தே உள்விட்டத்தைக் கணக்கிட வேண்டும். மாற்றப் பணமில்லாதோர் தூவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து நீர் பாய்ச்சலே நன்று.

தூவியருகே ஓர் அமுக்கமானியைப் பொருத்தினால் குழாயின் நிலையையும் அறியலாம். நீரை நிறுத்தி ஒரு முறையும், ஓடவிட்டு ஒரு முறையும் பார்க்கவும். இரண்டின் வித்தியாசமே இழப்பு. மேற்கூறிய 25 மில்லிமீற்றர்க் குழாயில் 20 லீற்றருக்கு 3 மீற்றரளவு இருக்க வேண்டிய இழப்பு 6 மீற்றராகக் காணப்படின், குழாய் எங்கோ நசுங்கியிருக்கும், அல்லது மண் படிந்திருக்கும், அல்லது மேட்டு வளைவொன்றிற் காற்று அடைத்திருக்கும்.

சொட்டுக் குழாயிற் கவனிக்க வேண்டியது

சீரோட்டம் கமத்தில் எங்கும் இல்லையோ என வினவலாம். சொட்டுநீர்ப் பாசனத்தில் உபயோகிக்கும் 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள நுண்குழாய்களில் அதுவே நிகழ்கின்றது. அங்கு நீர் அமுக்கத்தோடு ஏறக்குறைய நேராகக் கூடும். மேற்பாத்தியில் 2 மீற்றரும் கீழ்ப்பாத்தியில் 4 மீற்றரும் அமுக்கம் இருப்பின், ஒரே நீள நுண்குழாய் கீழே ஏறத்தாழ இருமடங்கு நீரைச் சொரியும். மேற்செடி வாடக் கீழ்ச்செடியின் வேர் அழுகும். கொந்தளிப்பை உண்டாக்கும் வளைவழிச் சொட்டிகளில் அதே வேறுபாட்டுக்கு நீர் 1.4 மடங்கே கூடும். எனவே சரிவு நிலத்துக்கு அவை ஏற்றவை. நுண்குழாயையே உபயோகிப்போர், கிளைக்குழாய்களைச் சமவுயரக் கோட்டில் இடுவதோடு, கீழ்வரிசைகளுக்கு நீளங் கூடிய நுண்குழாய்களைப் பொருத்துதல் வேண்டும். அமுக்கம் இருமடங்கான வரிசைக்கு நீளமும் ஏறத்தாழ இருமடங்காக இருக்கலாம்.

மேலும், குளிர்ந்த நீர் பாகுத்தன்மை மிக்கது. 10 பாகையில் விடியற்காலை ஓடும் நீர், வெயிலிற் கருங்குழாய் சூடேறி 25 பாகையாகும்போது, நுண்குழாயில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கொந்தளிப்போட்டமுள்ள பிரதான குழாயிலோ இவ்வேறுபாடு நூற்றுக்கு ஐந்தாறு பங்கே. ஆதலால் சொட்டுநீரை அளப்போர் ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில் அளக்கவும். அளக்கும்போது மேல்வரிசையில் ஒன்றும் கீழ்வரிசையில் ஒன்றுமாக இரு போத்தல்களை ஒரே நேரத்தில் வைத்து, நிரம்பும் நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நுண்குழாயின் நீளத்தை முடிவு செய்யவும்.