டெல்லிக்குப் போகும் கட்டு

ஐகோர்ட்டில் தோற்றவர் கோர்ட் வாசலில் முதலில் சொல்வது, "விடமாட்டேன், சுப்ரீம் கோர்ட் வரை போவேன்" என்பதுதான். போகலாம். ஆனால் பெரும்பாலான வழக்குகளில் அங்கே மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்குக் கிடையாது. மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் வழி மட்டுமே உண்டு. அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவில் வரும் சிறப்பு அனுமதி மனு அதுதான். வக்கீல்கள் வாயில் எஸ்.எல்.பி.

இந்தியாவில் உள்ள எந்தக் கோர்ட், எந்தத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவானாலும் இப்படிக் கேட்கலாம். ராணுவச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அனுமதி தருவதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை.

யார் கேட்கலாம்? வழக்கில் கட்சிக்காரராக இருந்தவர் என்பது வழக்கமான பதில். ஆனால் 136-வது பிரிவு அப்படி யாரையும் குறிப்பிடவில்லை. சென்னை ஐகோர்ட் ஒரு கொலை வழக்கில் ஒருவரை விடுதலை செய்தது. அரசு மேலே போகவில்லை. இறந்தவரின் சகோதரர் போனார். அவர் புகார்தாரர்கூட இல்லை. சுப்ரீம் கோர்ட் அனுமதி தந்து, விசாரித்து, 1979-ல் ஆயுள் தண்டனை விதித்தது. 'என் மீது வழக்கு நடத்த இவர் யார்?' என்று தண்டனை பெற்றவர் மறுபடி அதே கோர்ட்டில் கேட்டார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1980-ல் அதைத் தள்ளுபடி செய்தது. கட்சிக்காரர் அல்லாதவர் இன்றும் இப்படிப் போகலாம். மனுவோடு, அதைத் தாக்கல் செய்யவே அனுமதி கேட்கும் தனி மனு ஒன்றும் வைக்க வேண்டும்.

இனி, மனுவில் எதைக் காட்ட வேண்டும் என்பது. மக்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு நிலத் தகராறை எடுத்துக்கொள்வோம். முன்சீப் கோர்ட்டிலும் சார்பு நீதிமன்றத்திலும் பெரியவர் ஒருவர் ஜெயிக்கிறார். எதிர்த்தரப்பின் இரண்டாம் மேல்முறையீட்டில் ஐகோர்ட் தீர்ப்பைப் புரட்டிப்போடுகிறது. 'நிலம் என்னுடையது, பட்டா என் பேரில், சாட்சிகள் எனக்குச் சாதகம்' என்று பெரியவர் மனு போட்டால் அது அநேகமாக ஒரு நிமிஷத்தில் தள்ளுபடியாகும். சாட்சியத்தை நான்காவது முறை எடைபோடுவது அந்தக் கோர்ட்டின் வேலை அல்ல.

அதே பெரியவர் வேறொன்றைக் காட்டலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை என்ன என்பதை ஐகோர்ட் முதலில் எழுத்தில் வகுக்க வேண்டும். அதை வகுக்காமலே சாட்சியத்தைத் திரும்ப அலசி முடிவை மாற்றியிருந்தால், அது அதிகார எல்லை மீறல். தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை என்று காட்டினாலே போதும், நீதிபதிகள் நிமிர்ந்து உட்கார்வார்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும் வாய்ப்பு கணிசம். இரண்டு கீழ்க்கோர்ட்டிலும் தோற்று, ஐகோர்ட்டிலும் தோற்றவர் பாடு இதைவிடக் கஷ்டம். முக்கிய ஆவணத்தைக் கோர்ட்டுகள் பார்க்கவே இல்லை என்பது போன்ற அப்பட்டமான பிழையை அவர் காட்டியாக வேண்டும்.

கெடு 90 நாள். ஜனவரி 10 தீர்ப்பென்றால், சாதாரண வருஷத்தில் ஏப்ரல் 10 வரை. சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு அது கைக்கு வர 20 நாள் ஆனால், அந்த 20 நாளும் கணக்கில் சேராது. ஏப்ரல் கடைசி வரை நேரம் உண்டு. அதனால் தீர்ப்பு வந்த வாரமே நகலுக்கு மனு போட்டுவிடுவது நல்லது. கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு வேண்டும், அதில் காரணம் சொல்ல வேண்டும். சிறைத் தண்டனை பெற்றவருக்கு இன்னொரு தடை: சரணடைந்திருக்க வேண்டும், அல்லது சரணடைவதிலிருந்து விலக்குக் கேட்டிருக்க வேண்டும்.

கட்டை டெல்லிக்கு அனுப்பும்போது தமிழ்ப் பத்திரம், வாக்குமூலம் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இதில் அரைகுறை வேலை செய்தால் பதிவாளர் அலுவலகம் 'குறை' என்று எழுதித் திருப்பும். தாக்கல் செய்ய 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' என்ற தகுதி பெற்ற வக்கீல் தேவை. கட்சிக்காரர் தானே நேரில் வாதாடுவதானால் அது வேண்டாம். கீழ்க்கோர்ட்டில் சொல்லாத விஷயம் எதுவும் மனுவில் இல்லை என்று அந்த வக்கீல் சான்று தர வேண்டும். 'அப்போது மறந்துவிட்டோம்' என்று புதுப் பத்திரத்தை நைசாக நுழைக்க முடியாது.

அனுமதி கிடைத்தால் அந்த நிமிஷமே மனு மேல்முறையீடாக மாறும். புது எண்ணும் வரும். கிடைக்காமல், காரணம் சொல்லாத ஒற்றை வரியில் தள்ளுபடியானால்? ஐகோர்ட் தீர்ப்பு சரி என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதாக எதிர்த்தரப்பு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும். அது தப்பு. அந்த வரியின் பொருள், அனுமதி தரவில்லை என்பது மட்டுமே என்று சுப்ரீம் கோர்ட்டே 2000-ல் விளக்கியிருக்கிறது. தீர்ப்பில் அப்பட்டமான பிழை இருந்தால், அதன் பிறகும் பெரியவர் அதே ஐகோர்ட்டுக்குத் திரும்பி, மறுஆய்வு மனு போடலாம்.