கொடி பறக்கும் திசையை மரத்திடம் கேளுங்கள்

ஆடி மாதம். ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தை நீங்கள் காலை ஒன்பது மணிக்கு வடக்கு நோக்கி நின்று படம் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். நடுவில் வெறும் கொடிக்கம்பம். அதன் அருகே ஒரு தென்னை. பின்னால் ஒரு வேம்பு. ஆண்டு மலருக்காக அந்தக் கம்பத்தில் தேசியக் கொடியைக் கணிப்பொறியில் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? அழகாகப் பறக்கும் ஒரு கொடிப் படத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுவார்கள். பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று உறுத்தும். காரணம் மட்டும் சொல்லத் தெரியாது. தென்னை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கொடி மறுபக்கம் பறந்துகொண்டிருக்கும்!

முதலில் திசையைப் பார்ப்போம். தென்னையின் அடிமரம் வளைந்திருப்பதை நம்பாதீர்கள். அது பல ஆண்டுகளாக வெளிச்சத்தைத் தேடி வளர்ந்த வளைவாக இருக்கலாம். இன்றைய காற்றைச் சொல்வது ஓலைகள்தாம். காற்று வரும் பக்கத்து ஓலைகள் கொண்டையின் மேல் மடங்கிக் கிடக்கும். மறுபக்கத்து ஓலைகள் நீண்டு பறக்கும். நம் படத்தில் அவை வலப்பக்கம் பறக்கின்றன. கொடியும் கம்பத்துக்கு வலப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

ஆனால் படத்தில் ஆழமும் உண்டு அல்லவா? ஆடியில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அது தென்மேற்கிலிருந்து வந்தால் கொடி வடகிழக்கு நோக்கிப் பறக்கும். வடக்கு நோக்கி நிற்கும் உங்களுக்கு அது வலப்பக்கமாகவும், உங்களைவிட்டு விலகியும் 45 பாகையில் செல்கிறது. 90 சென்டிமீட்டர் நீளக் கொடி, 0.7 மடங்காகக் குறுகி, ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் நீளமாகத் தெரியும். உயரம் 60 சென்டிமீட்டர் அப்படியே இருக்கும். இந்த அளவுக் கொடியில் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர். அதுவும் சுமார் 130 மில்லிமீட்டர் அகலமாகச் சுருங்கி நீள்வட்டமாகிவிடும். சக்கரத்தை முழு வட்டமாக விட்டுவிடுவதுதான் இவ்வேலையில் அடிக்கடி நேரும் பிழை.

அடுத்தது காற்றின் வேகம். 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட், காற்றை அதன் விளைவுகளால் அளக்கும் ஓர் அளவுகோலை வகுத்தார். பின்னர் நிலத்துக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதில் மூன்றாம் எண்ணுக்கு உரிய அடையாளம், இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைவதும், இலேசான கொடி விரிந்து நிற்பதும். வேகம் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். பாருங்கள், மரமும் கொடியும் ஒரே வரியில் வந்துவிட்டன! இரண்டாம் எண்ணில் இலைகள் சலசலக்கும், அவ்வளவே, கொடி விரியாது. ஐந்தாம் எண்ணில் சிறு மரங்களே ஆடத் தொடங்கும். நம் வேம்பில் குச்சிகள் அசைகின்றன, பெரிய கிளைகள் அசையவில்லை. ஆகவே மூன்று அல்லது நான்கு என்று கொள்வோம்.

மடிப்புகள் இந்த எண்ணைப் பொறுத்தவை. காற்று மெலிந்தால் துணியின் எடை வெல்லும். மேல் மூலையிலிருந்து மடிப்புகள் சாய்வாகக் கீழே வழியும், கொடி கம்பத்தோடு தொங்கும். காற்று வலுத்தால் மடிப்புகள் கம்பத்துக்கு ஏறக்குறைய இணையாக நின்று, நுனியை நோக்கி அலையாக ஓடும். கம்பத்தோடு கட்டிய ஓரம் நேராகவே இருக்கும். அலை நுனியில்தான் பெரிதாகும். நம் படத்துக்கு ஒன்றிரண்டு அலைகள் போதும். நுனியைச் சற்றே தாழ்த்துங்கள், ஏனெனில் எடை முழுவதும் தோற்றுவிடவில்லை.

கணிப்பொறியில் GIMP என்னும் இலவசச் செயலியில், தட்டையான கொடியை ஓர் அடுக்காக வையுங்கள். முதலில் அகலத்தைக் குறுக்கி, பிறகு Warp Transform கருவியால் அலைகளை வளையுங்கள். கோடுகளும் சக்கரமும் சேர்ந்தே வளைய வேண்டும். மேலே இன்னோர் அடுக்கை Multiply முறையில் வைத்து, சாம்பல் நிறத்தால் நிழல் தீட்டுங்கள். காலை ஒன்பது மணிக்குச் சூரியன் வலப்பக்கம். எனவே அலையின் வலப்பக்கம் திரும்பிய சரிவுகள் பளிச்சென்றும், இடப்பக்கம் திரும்பியவை மங்கியும் இருக்கும். தென்னையின் நிழல் தரையில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து இதைச் சரிபார்த்துக் கொள்ளலாம். ஓலை நுனிகள் படத்தில் கலங்கித் தெரிந்தால், கொடியின் நுனியையும் சற்றுக் கலக்குங்கள். கம்பத்தோர ஓரம் தெளிவாகவே இருக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டடமோ மரக்கூட்டமோ காற்றை மறைத்தால், அதன் பின்னே காற்று சுழலும். அங்கே கம்பம் இருந்தால், தூரத்து மரம் சொல்வதைக் கொடி கேட்காது. கம்பத்துக்கு அருகில், அதே உயரத்தில் இருக்கும் மரத்தையே சாட்சியாகக் கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் படத்தின் கீழே, கொடி பின்னர் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இதே படத்தைக் குடியரசு நாள் படம் என்று யாராவது சொன்னாலும் ஓலைகள் அதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். தை மாதத்தில் அங்கே பெரும்பாலும் வடகிழக்கிலிருந்துதான் காற்று வரும்.