தோட்டத்துப் பெயர் இருக்க, ஊரெல்லாம் எதற்கு?
நன்கொடை ஓட்டத்திற்கு ஹேஷ்டேக் வைக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலை, வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் படம் வந்து விழுகிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நிதி திரட்ட 5 கிலோமீட்டர் ஓட்டம். தேதி, நேரம், கட்டணம் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. அதற்குக் கீழே #Perak #Ipoh #Run #Estate #Charity #Health என்று தொடங்கி நான்கு வரிக்கு ஹேஷ்டேக்குகள். போட்டவரின் எண்ணம் நல்லதுதான். நிறைய போட்டால் நிறைய பேர் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த நான்கு வரி ஓர் ஓட்டக்காரரைக்கூட அழைத்து வருவது சந்தேகம்தான்.

ஏன் என்று பார்க்க, அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் தேடிப் பாருங்கள். 'பேராக்' என்பது நமக்கு மாநிலத்தின் பெயர். மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் அதற்கு வெள்ளி என்று பொருள். அதனால் #Perak என்று தேடினால் நம் ஊரோடு வெள்ளி மோதிரமும் சங்கிலியும் சேர்ந்தே வரும். 'எஸ்டேட்' என்றால் நமக்கு ரப்பர் மரமும் லயத்து வீடும். ஆங்கில உலகத்துக்கோ அது வீடு, நிலம் விற்கும் சொல். #Ipoh கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அங்கே வெள்ளைக் காப்பியும் தவுகே கோழியும் குகைக் கோயில்களும்தான் முன்னால் நிற்கும். அந்தக் கூட்டத்தில் நம் 5 கிலோமீட்டர் ஓட்டம் யார் கண்ணில் படும்?

யாரைத் தேடுகிறோம்?

2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி, கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கர் டுவிட்டரில் ஒரு யோசனை சொன்னார். ஒரே விஷயத்தைப் பேசும் குழுவை # குறியால் அடையாளப்படுத்தலாமே என்று கேட்டார். ஹேஷ்டேக் அப்படித்தான் பிறந்தது. ஒரு கூட்டத்தை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஆகவே முதலில் நம் கூட்டம் எது என்று தெரிய வேண்டும்.

தோட்டத்துப் பள்ளிக்காக ஓடுகிறவர்களும் காசு கொடுக்கிறவர்களும் பெரும்பாலும் அந்தத் தோட்டத்தோடு ஏதோ ஓர் உறவு உள்ளவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டன. ஆனால் கிள்ளானில் இருக்கும் அக்காவுக்குத் தான் பிறந்த தோட்டத்தின் பெயர் மறக்காது. பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று அவர் என்றாவது தேடினால், அந்தப் பெயரைத்தான் தட்டச்சு செய்வார். 'சேரிட்டி' என்றோ 'ரன்' என்றோ தேடப் போவதில்லை. நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஹேஷ்டேக், வெளியார் யாருக்கும் தெரியாத அந்தச் சின்னப் பெயர்தான்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் இந்தப் பெயர்கள் பள்ளிப் பலகைகளில் இன்னும் இருக்கின்றன. எல்பில், டோவன்பி ஆகியவை இரண்டு எடுத்துக்காட்டுகள். ஒரு கணக்குக்காக, எல்பில் பெயரில் ஓர் ஓட்டம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு எப்படி ஹேஷ்டேக் தேர்ந்தெடுப்பது?

ஒன்று சொந்தம், மூன்று துணை

முதலில் ஓட்டத்துக்கென்றே ஒரு சொந்தப் பெயர் வேண்டும். #Elphil என்று மட்டும் வைத்தால் சரிப்படாது. 1948 ஜூனில் அந்தத் தோட்டத்தின் நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் வரலாறு. பெயரைத் தேடினால் அந்தச் செய்திகளும் கலந்து வரும். #ElphilRun என்றால் அது நம் ஓட்டம் மட்டுமே.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பெயரை மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும். முதல் சோதனை, இன்ஸ்டாகிராம், முகநூல், டிக்டாக் மூன்றிலும் அதைத் தேடுவது. வேறு யாராவது வேறு எதற்காவது பயன்படுத்தி வந்தால், நம் படங்கள் அவர்கள் வீட்டில்தான் போய்ச் சேரும். இரண்டாவது, எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதிப் படிப்பது. 2013இல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead என்ற ஹேஷ்டேக் பரவியது. 'தாட்சர் இறந்துவிட்டார்' என்பதுதான் அதன் பொருள். ஆனால் பலர் அதை வேறிடத்தில் பிரித்துப் படித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டதாகக் கலங்கிப் போனார்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக வைத்தால் இந்தக் குழப்பம் குறையும். பார்வையற்றோரின் கைபேசி வாசிப்பானும் அப்போது சொற்களைப் பிரித்துச் சரியாகப் படிக்கும். மூன்றாவது சோதனை, தொலைபேசியில் ஒருவருக்கு அந்தப் பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, அவர் என்ன தட்டச்சு செய்கிறார் என்று பார்ப்பது. இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் பெயரை மாற்றுங்கள்.

நம் பள்ளிகளுக்கென்று ஒரு தனிப் பொறி உண்டு. ஹேஷ்டேக்கில் இடைவெளியோ கோடோ அடைப்புக்குறியோ வந்தால் அந்த இடத்திலேயே அது முடிந்துவிடும். #SJK(T)Elphil என்று எழுதினால் வேலை செய்வது #SJK மட்டும்தான். மற்றப் பள்ளிகளின் படங்களுக்கு நடுவே நம் படம் போய் உட்காரும். #SJKTElphil என்று சேர்த்து எழுத வேண்டும்.

சொந்தப் பெயருக்குத் துணையாக மூன்று. ஒன்று ஊர்ப் பெயர், #SungaiSiput. மாநிலத்தையோ நாட்டையோ போடுவதைவிட இது கூர்மையானது. தோட்டத்தில் பிறக்காத ஊர்க்காரர்கள் இதன் வழியாக வருவார்கள். இன்னொன்று ஓட்டத்தின் வகை, #LarianAmal. நன்கொடை ஓட்டத்துக்கு இந்த நாட்டில் எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல் இதுதான். வாராவாரம் எங்கே ஓட்டம் என்று தேடும் மலாய், சீன நண்பர்களை இது கூட்டி வரும். மூன்றாவது தமிழில், #எல்பில். வீட்டுப் பெரியவர்களுக்கு உரியது அது. ஆனால் ஒருவர் 'எல்பில்' என்றும் மற்றவர் 'எல்ஃபில்' என்றும் எழுதுவார்கள். ஏற்பாட்டுக் குழு கூடி ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். தமிழ் ஹேஷ்டேக்கைப் பதிவிட்டதும் கடைசி எழுத்து வரை நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது கறுப்பாக நின்றால் அந்தச் செயலி அதை அறுத்துவிட்டது என்று பொருள்.

இந்த நான்கு போதும். ஓட்டம் ஈப்போ டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் தொடங்கினால் #Ipoh என்று ஐந்தாவதாக ஒன்று சேர்க்கலாம். பல ஆண்டுகள் ஒரு பதிவுக்கு 30 வரை அனுமதித்துவந்த இன்ஸ்டாகிராமே, 3 முதல் 5 வரை போடுங்கள் என்று 2021இல் ஆலோசனை சொன்னது. முகநூலில் ஒன்றிரண்டே தாராளம்.

எங்கே வைப்பது?

இன்ஸ்டாகிராமில் ஹேஷ்டேக்கைப் படத்தோடு வரும் குறிப்பிலேயே எழுதுங்கள். அழகுக்காக முதல் கருத்தில் ஒளித்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தேடலில் பதிவு கிடைக்க வேண்டுமானால் அது குறிப்பில்தான் இருக்க வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆனால் குறிப்பின் தொடக்கத்தில் வேண்டாம். கைபேசியில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். அந்த முதல் வரிகளில் தேதியும் இடமும் பதிவு செய்யும் வழியும் இருக்கட்டும். ஹேஷ்டேக்குகள் கடைசி வரியில்.

அறிவிப்புப் படத்துக்குள் அச்சிட்ட ஹேஷ்டேக் வெறும் மைதான். அதைத் தட்டினால் ஒன்றும் திறக்காது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும் அப்படியே. ஆகவே படத்தில் சொந்தப் பெயர் ஒன்றை மட்டும் பெரிதாகப் போட்டு, பதிவு இணைப்பைத் தனியாக எழுதி அனுப்புங்கள்.

ஓட்ட நாளில் இன்னொரு தவறு நடக்கும். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் ஹேஷ்டேக் அச்சடிப்பார்கள். காலையில் எல்லாரும் ஓட்ட எண் தாளை அதன் மேலேயே குத்திக்கொள்வார்கள். படத்தில் எழுத்து தெரியாது. அதை எண் தாளிலேயே அச்சடியுங்கள். இல்லையென்றால் சட்டையின் முதுகில். இன்னொன்று முடிவுக் கோட்டில், எல்லாரும் நின்று படம் எடுக்கும் பதாகையில், தோள் உயரத்தில் இருக்கட்டும். மேலே கட்டிய பதாகை குடும்பப் படங்களில் வெட்டுப்பட்டுப் போகும்.

எண்ணிக்கையை நம்பலாமா?

ஓட்டம் முடிந்த மாலை ஹேஷ்டேக்கைத் தேடினால் சில படங்களே வரும். இருநூறு பேர் ஓடினார்களே என்று மனம் சோர்ந்துவிட வேண்டாம். கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள் போடும் படம் அவர்களைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நம் அக்காமார்கள் பலர் கணக்கைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். தவிர, தேடலில் எல்லாப் படமும் வரிசையாக வருவதில்லை. செயலி தேர்ந்தெடுப்பதே முன்னால் நிற்கிறது. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையும் இன்ஸ்டாகிராம் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டது. அதனால் குழுவில் ஒருவர் தினமும் தேடி, நல்ல படங்களை உரியவரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் படம் என்றால் பெற்றோரையும் கேட்டே பள்ளியின் பக்கத்தில் போட வேண்டும்.

எந்த ஹேஷ்டேக் ஆளைக் கூட்டி வந்தது என்பதை அறிய எளிய வழி, பதிவுப் பாரத்தில் ஒரு கேள்வி வைப்பது: 'இந்த ஓட்டத்தைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?' பெரும்பாலோர் வாட்ஸ்அப் என்றே எழுதக்கூடும். முன்பின் தெரியாத பத்துப் பேர் #LarianAmal வழியாக வந்திருந்தால் அந்தச் சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. ஒருவரும் வராத சொல்லை அடுத்த ஆண்டு எடுத்துவிடலாம். சொந்தப் பெயரில் ஆண்டைச் சேர்க்காமல் விட்டதன் பலனும் அப்போது தெரியும். இந்த ஆண்டுப் படங்களும் அடுத்த ஆண்டுப் படங்களும் ஒரே இடத்தில் சேரும்.

கடைசியாக ஒன்று. ஹேஷ்டேக்குக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் #ElphilRun என்று போட்டு, தன் வங்கிக் கணக்கு எண்ணைக் கீழே எழுதிவிடலாம். அதனால் நன்கொடைக் கணக்கு எண் பள்ளியின் அல்லது ஏற்பாட்டுக் குழுவின் பக்கத்தில் மட்டும்தான் வரும் என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் ஒரு வரியாகச் சேருங்கள். ஹேஷ்டேக் வழியாக வந்தவர் காசு போடும் முன், அந்தக் கணக்கு யாருடையது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். கிள்ளானில் இருந்து அக்கா அனுப்பும் ஐம்பது வெள்ளி, அவர் படித்த பள்ளிக்கே போய்ச் சேர வேண்டும்.