தங்கச்சியின் கலியாணத்தில் அண்ணன் பேசும் நான்கு நிமிடம்

யாழ்ப்பாண முறைக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரனுக்கு வேலைகள் உண்டு, பேச்சு கிடையாது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் தோழனாக நின்று அவர் காலைக் கழுவிவிட வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் அணிவிப்பார். பிறகு, ஓமத்தில் இடுவதற்குத் தங்கையின் கையில் பொரியை அள்ளிப் போடுவதும் அவன் பொறுப்பு. இவை எல்லாவற்றையும் வாயைத் திறக்காமலே முடித்துவிடலாம்.

குடும்பம் டொரோண்டோவிலோ லண்டனிலோ இருந்தால் அன்று மாலையே நிலைமை மாறிவிடும். வரவேற்பு மண்டபத்தில் நிகழ்ச்சியை நடத்துபவர் அவன் பெயரைச் சொல்லி அழைப்பார். கையில் மைக்கும், பக்கத்து மேசையில் ஒரு கிளாஸும் இருக்கும். தங்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, கடைசியில் கிளாஸை உயர்த்தி எல்லாரையும் வாழ்த்தச் சொல்ல வேண்டும். இதுதான் டோஸ்ட்.

ஆங்கிலேயர் வழக்கில் பேசுகிறவர்களின் வரிசை பழையது: பெண்ணின் தந்தை, மாப்பிள்ளை, பிறகு மாப்பிள்ளைத் தோழன். பெண்ணின் அண்ணனுக்கு அதில் தனி இடம் இல்லை. தந்தை இல்லாத வீடுகளில் அவர் இடத்தில் அண்ணன் பேசுவதுண்டு. புலம்பெயர்ந்த தமிழ் வீடுகளிலோ, பிறந்த நாட்டில் வளர்ந்து அங்கேயே கலியாணம் செய்துகொண்ட பெற்றோர் பலருக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லாததால், அந்த வேலை கூடப் பிறந்தவர்கள் கைக்கு வந்துவிட்டது.

டோஸ்ட் வாழ்த்துரை அல்ல. வாழ்த்துரை கேட்டு முடிந்ததும் கைதட்டலோடு போய்விடும். டோஸ்டின் முடிவில் மண்டபமே எழுந்து நின்று ஒரு காரியம் செய்கிறது. அந்தக் காரியத்தை நோக்கித்தான் பேச்சு நகர வேண்டும். அதனால் நீளமும் தானாகவே கட்டுப்படுகிறது: மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் அவசரமாகத் தெரியும், ஐந்தைத் தாண்டினால் பசித்த கூட்டம் சமையலறைப் பக்கம் பார்க்கத் தொடங்கும்.

அந்த நேரத்துக்குள் அண்ணன் ஒருவனால் மட்டும் செய்ய முடிந்தது கேலி. தோழிகள் பாராட்டுவார்கள், பெரியவர்கள் ஆசி சொல்வார்கள். ஒரே வீட்டில், ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன்தான் அவளைச் சீண்ட உரிமை உள்ளவன். கூட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. பேச்சுகள் கெட்டுப்போகும் இடமும் அதுவேதான்.

வழக்கமாக எழுதப்படும் முதல் வரைவு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். “இவளுக்குச் சமைக்கத் தெரியாது. காலமை பத்து மணிக்கு முதல் எழும்பமாட்டாள். வாய் ஓயாது. மச்சான், உங்களை நினைச்சாப் பாவமா இருக்கு. ஒருமாதிரி எங்கட வீட்டால அனுப்பிப்போட்டம்!” மண்டபம் சிரிக்கும். ஆனால் இந்த வரிகளை மாப்பிள்ளையின் தாயார் மேசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து ஏதோ ஒரு மனக்கசப்பில், “உன்ர அண்ணனே அண்டைக்குச் சொன்னவர்” என்று இந்த வரி அப்படியே திரும்பி வரும்.

கேலிக்கு வைக்க வேண்டிய சோதனை இதுதான்: இந்த வரியைப் புகுந்த வீட்டில் யாராவது சண்டையில் எடுத்துப் பேச முடியுமா? முடியும் என்றால் அது பேச்சில் இருக்கக் கூடாது. சமையல், நிறம், உடம்பு, பழைய காதல், தள்ளிப்போன கலியாணம், சீதனம் எல்லாம் இந்த ஒரு சோதனையிலேயே கழிந்துவிடும். அவளுடைய குறையைக் கேலி செய்யாமல், அவளுடைய பலம் சின்ன வயதில் எவ்வளவு தொல்லையாக இருந்தது என்று கேலி செய்தால் எந்தச் சண்டைக்கும் அது உதவாது. அந்தத் தொல்லையில் தோற்றவன் அண்ணனாகவே இருப்பது இன்னும் நல்லது.

கற்பனையாக ஓர் அண்ணனை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடும்பம், பிள்ளைகள் டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்கள். தங்கை நான்கு வயது இளையவள், இப்போது கணக்காளர். அவன் பேசுவது இப்படி:

“எல்லாருக்கும் வணக்கம். நான் பொம்பிளையின்ர அண்ணன். இந்த மண்டபத்தில இவளுக்கு ஆகக் கூடக் கடன்பட்ட ஆளும் நான்தான். பகிடி இல்லை, எழுத்தில இருக்கு.

“ஒன்பது வயசில இவள் ஒரு கொப்பி தொடங்கினவள். முதல் பக்கத்தில ‘அண்ணா தரவேண்டியது’ எண்டு தலைப்பு. கீழ கணக்கு. ‘என்ர ரோல்ஸில அரைவாசி கடிச்சது, 50 சதம்.’ ‘ஜன்னல் உடைச்சதை அம்மாட்டச் சொல்லாமல் இருக்கிறதுக்கு, 2 டொலர்.’ காசை வாங்கின அண்டைக்குப் பின்னேரமே அம்மாட்டச் சொல்லிப்போட்டாள். ஏனடி எண்டு கேட்டன். ‘அந்தக் காசு காலமைக்கு மட்டும்தான் அண்ணா’ எண்டாள். பன்னிரண்டு வயசில பள்ளிக்கூடத்தில வட்டி படிப்பிச்சவை. ஒரு கிழமைக்குள்ள என்ர கடன் இரட்டிப்பாச்சு. இவள் கணக்காளரா வந்தது இங்க ஒருத்தருக்கும் ஆச்சரியமா இருந்திருக்காது.

“எனக்கு 24 வயசில வேலை போச்சு. வீட்டில சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் காலமை வெளிக்கிட்டு நூலகத்தில போய் இருந்தன். இவளுக்கு மட்டும் தெரியும். அப்ப இவள் படிச்சுக்கொண்டு, பின்னேரத்தில கடையொண்டில வேலை செய்தவள். ஏழு மாசம் என்ர ஃபோன் பில்லைக் கட்டினாள், பஸ் காசைப் பொக்கெற்றுக்குள்ள வைச்சாள். அதைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் கதைக்கேல்லை.

“போன மாசம் இவளின்ர சாமான் கட்டேக்க அந்தக் கொப்பி அம்பிட்டுது. இருந்து முழுக்க வாசிச்சன். ரோல்ஸ் இருக்கு. ஜன்னல் இருக்கு. வட்டியும் இருக்கு. அந்த ஏழு மாசம் மட்டும் இல்லை.

“மச்சான், கடைசி ரோல்ஸை நீங்கள் எடுத்தால் இவள் எழுதி வைப்பாள். கஷ்டத்தில நிண்டால் எழுதமாட்டாள். இதை ஆகக் கூட அனுபவிச்ச ஆள் சொல்லுறன்.

“எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ. கையில என்ன இருக்கோ அதைத் தூக்குங்கோ. தங்கச்சிக்கும் மச்சானுக்கும்!”

வளர்ந்த காலம் முழுவதையும் இவன் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறந்தது, பள்ளிக்கூடம், பட்டம் என்று வரிசையாகப் போகவில்லை. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கொப்பியைக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை; ஆனாலும் அடுத்த நிமிடமே அது எல்லாருக்கும் தெரிந்த பொருளாகிவிடுகிறது. இரண்டாவது, சிரிப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் கடன்காரன் அவன்தான். அவள் ஜெயித்துக்கொண்டே வருகிறாள். மாமியார் மேசையில் இதைக் கேட்டால், மருமகள் காசில் கெட்டிக்காரி என்ற செய்திதான் போய்ச் சேரும்.

மூன்றாவது, கேலி முடிந்து பாசம் தொடங்கும் இடம். பலர் இங்கே “பகிடி விட்டாலும் உண்மையில் இவள் ரொம்ப நல்லவள்” என்று சொல்லி, அதுவரை பேசியதைத் தாங்களே அழித்துவிடுவார்கள். இவன் அப்படிச் செய்யவில்லை. எந்தக் கொப்பியை வைத்துச் சிரிக்க வைத்தானோ, அதில் எழுதப்படாத ஏழு மாதத்தைக் காட்டுகிறான். ‘பாசம்’ என்ற சொல்லே பேச்சில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. முதல் பாதி எவ்வளவு விளையாட்டாக இருந்ததோ அவ்வளவுக்கு இரண்டாம் பாதி ஆழமாகப் போய் இறங்கும்.

இந்தப் பேச்சில் ஓர் ஆபத்தும் உண்டு. வேலை போன கதை அவனுடையது; அதைச் சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பெற்றோர் அதை இன்றுவரை அறியாமல் இருந்தால், 400 பேர் நடுவில் முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்பே வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். தங்கை காசு கொடுத்தது அவளுடைய இரகசியமும்கூட. பேச்சை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, “எதைப் பற்றிப் பேசக்கூடாது?” என்று மட்டும் கேட்டால் போதும். அவள் சொல்லும் பட்டியலோடு வாதாடக் கூடாது.

பிறகு மொழிப் பிரச்சினை. ஒரு மேசையில் ஆங்கிலம் தெரியாத அம்மம்மா, அடுத்த மேசையில் தமிழ் தெரியாத மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள். ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியிலும் சொன்னால் பேச்சு இரட்டிப்பு நீளமாகும். பகிடியும் ஒவ்வொரு தடவையும் பாதி ஆளுக்குப் பழையதாகிவிடும். கதையை ஒரே மொழியில் சொல்லி முடித்து, திருப்பம் வருவதற்கு முன் மற்ற மொழியில் இரண்டு வாக்கியத்தில் சாரத்தைச் சொல்லிவிடலாம். கொப்பி, கடன், வட்டி என்ற மூன்றும் புரிந்துவிட்டால் கடைசிக் கட்டத்தை எந்த மொழிக்காரரும் பின்தொடர முடியும்.

கிளாஸுக்கும் ஒழுங்கு உண்டு. பேச்சு தொடங்குவதற்கு முன்பே எல்லா மேசையிலும் ஏதாவது ஊற்றியிருக்கிறதா என்று நிகழ்ச்சியை நடத்துபவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். வெறுங்கிளாஸைத் தூக்கச் சொன்னால் மண்டபம் திணறும். மது வேண்டும் என்ற கட்டாயமில்லை, பழச்சாறு போதும். வாழ்த்தப்படும் இருவரும் அந்த நேரத்தில் எழுந்து நிற்பதோ குடிப்பதோ பழைய முறையில் இல்லை. தமக்குத் தாமே வாழ்த்துச் சொன்னது போலாகிவிடும் என்பதால். இது தெரியாமல் எழப் பார்க்கும் மாப்பிள்ளைக்கு மணப்பெண் முன்பே சொல்லிவைக்கலாம்.

பேச்சை ஃபோனில் பார்த்து வாசிக்காமல் சின்ன அட்டைகளில் எழுதிக்கொள்வது நல்லது. திரை அணைந்துபோகும், நடுவில் யாராவது அழைப்பார்கள், வெளிச்சம் முகத்தில் அடிக்கும். முழுவதையும் மனப்பாடம் செய்யவும் வேண்டாம். தொடக்க வரியும் கடைசி வரியும் மட்டும் நாக்கில் இருக்கட்டும். அந்த ஏழு மாதத்துக்கு வரும்போது தொண்டை அடைக்கலாம். அப்படி அடைத்தால் மன்னிப்புக் கேட்காமல், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கூட்டத்தைக் காத்திருக்க விடலாம். யாரும் எங்கும் போகப் போவதில்லை. அதற்கு மேலும் குரல் வரவில்லை என்றால், மிச்சத்தை விட்டுவிட்டு “எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ” என்ற வரிக்குத் தாண்டிவிடலாம். அதைச் சொல்லிவிட்டால் டோஸ்ட் முடிந்தது; சொல்லாமல் விட்ட கொப்பிக் கதையைத் தங்கச்சி மற்றவர்களுக்குத் தானே சொல்லிக்கொள்வாள், வட்டியோடு.