நூறு ரூபாய்க்குத் தக்காளி

காய்கறிக் கடையில் "ரெண்டு கிலோ போடுங்க" என்று கேட்பவர் உண்டு. "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்பவரும் உண்டு. கிலோ 20 ரூபாய் விற்கிற வாரம் நூறு ரூபாய்க்காரர் பையில் 5 கிலோ விழும். 50 விற்கிற வாரம் 2 கிலோதான். ஆக, 200 ரூபாய்க்கு 7 கிலோ. அவருக்கு அடக்க விலை கிலோ 28 ரூபாய் 57 காசு. கடைக்காரர் சொன்ன இரண்டு விலையின் சராசரியோ 35. பேரம் எதுவும் பேசவில்லை. மலிவான வாரத்தில் நிறைய வாங்கியதால் வந்த லாபம் இது.

மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.யும் இதே கணக்குதான். குறித்த தேதியில் வங்கியிலிருந்து 5,000 ரூபாய் போகிறது, என்.ஏ.வி. எனப்படும் அன்றைய யூனிட் விலைக்கு ஏற்றபடி யூனிட்டுகள் வந்து சேர்கின்றன.

ஒரு ஃபண்டின் யூனிட் விலை ஐந்து மாதங்களில் 50, 40, 25, 40, 50 என்று இறங்கி ஏறியதாக வைத்துக்கொள்வோம். கிடைப்பவை 100, 125, 200, 125, 100. மொத்தம் 650 யூனிட். போட்ட பணம் 25,000. கடைசியில் மதிப்பு 32,500. விலை தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறது, நமக்கு 7,500 லாபம்!

இதில் 25 ரூபாய் மாதத்தைக் கவனியுங்கள். பயந்துபோய் அந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்தியிருந்தால் லாபம் 2,500 தான். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610 புள்ளிக்குச் சரிந்தபோது பலரும் நிறுத்தியது இப்படிப்பட்ட தவணையைத்தான். அந்த நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

விற்பனைப் பிரதிநிதிகள் காட்டாத மறுபக்கமும் உண்டு. விலை 50, 62.50, 80, 62.50, 50 என்று ஏறி இறங்கினால்? அதே 25,000 ரூபாய்க்கு 422.5 யூனிட்தான் கிடைக்கும், மதிப்பு 21,125. இங்கேயும் அடக்க விலை, சந்தை விலைகளின் சராசரியைவிடக் குறைவுதான்: 61க்குப் பதில் சுமார் 59. ஆனால் விற்கும் நாளில் விலை 50 என்றால் அந்தக் குறைவால் என்ன பயன்? சராசரி அடக்கத்தைக் குறைக்கும். லாபத்துக்கு உத்தரவாதம் தராது.

வருடம் ஏற ஏற அந்த உதவியும் தேய்ந்துபோகும். ஆறாவது தவணை அடக்க விலையை நன்றாகவே அசைக்கும். பத்து வருடம் கழித்து, 120 தவணைக்கு மேல் போடும் 5,000 ரூபாயால் அது முடியாது. அப்போது 10 லட்சம் சேர்ந்திருந்து சந்தை 20 சதவீதம் சரிந்தால் கரைவது 2 லட்சம். அந்த மாதம் மலிவாக வாங்கப்போவதோ 5,000 ரூபாய்க்குத்தான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்த வருடம் தேவைப்படும் பணத்தை முன்கூட்டியே பங்குச் சந்தையிலிருந்து எடுத்து வைப்பது இதனால்தான்.