கண் வைத்திய முகாமுக்கு ஒரு சுவரொட்டி

"மாபெரும் இலவச வைத்திய முகாம்! சகல நோய்களுக்கும் பரிசோதனை! அனைவரும் வருக!" ஊர்ச் சந்திகளிலும் வாசிகசாலைச் சுவர்களிலும் இத்தகைய வாசகங்களை நம் வாசகர்கள் பலமுறை கண்டிருப்பர். அழைக்கும் அன்பிலே குறையில்லை. ஆயினும், இதனைக் கேட்ட ஒரு மூதாட்டி அன்று காலை தேநீர் அருந்தலாமா, கூடாதா? அவருக்கு விடை எங்கே?

ஒரு சனசமூக நிலையத்தார் ஞாயிறு காலையிலே கண்ணையும் குருதியிலுள்ள சீனியின் அளவையும் பரிசோதிக்க முகாம் வைப்பதாகக் கொள்வோம். அதற்குரிய சுவரொட்டியை நாமே எழுதிப் பார்க்கலாம்.

முதலில், என்ன நடக்கும், என்ன நடவாது என்பது. "இலவசக் கண் சிகிச்சை" என்று மட்டும் எழுதினால், அன்றே சத்திரசிகிச்சை முடிந்துவிடும் என்றெண்ணி மாற்றுடையோடு வருவோரும் உண்டு. மண்டபத்திலே கண்புரை உண்டா என்று பார்க்கலாம், அகற்றுவது வைத்தியசாலையிலேதான். ஆகவே "பரிசோதனை மட்டும்" என்பது பெரிய எழுத்திலே வரவேண்டும்.

அடுத்தது நேரம். இரண்டு வைத்தியர்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம், மு.ப. 8 முதல் நண்பகல் வரை நான்கு மணித்தியாலம். கணக்குப் பார்த்தால் 96 பேர். இடையிலே சிறிது தாமதம் நேரும். 90 என்று வைத்துக்கொள்வோம். "8 முதல் 12 வரை" என்று மட்டும் அறிவித்தால், பதினொன்றரைக்கு வருபவர் தமக்கு முன்னே நாற்பது பேரைக் கண்டு மனம் நொந்து திரும்புவார். பரிசோதனை முடியும் நேரம் வேறு, பதிவு முடியும் நேரம் வேறு. சுவரொட்டிக்கு வேண்டியது பின்னையது.

சீனிப் பரிசோதனையிலேதான் பெருங்கவனம் வேண்டும். வெறும் வயிற்றிலே பார்ப்பதாயின் எட்டு மணித்தியாலமாவது உணவின்றி இருத்தல் வேண்டும். தண்ணீர் அருந்தலாம், சீனியிட்ட தேநீர் கூடாது. அருந்திவிட்டு வந்தவரின் அளவு உயர்ந்து காட்டி, வீணே கலங்கச் செய்யும். இதை மட்டும் எழுதி நிறுத்தினால் வேறோர் ஆபத்துண்டு. ஏற்கெனவே சலரோகத்திற்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மருந்தை எடுத்துக்கொண்டு பட்டினியோடு வரிசையில் நின்றால் சீனி மிகக் குறைந்து, உடல் நடுங்கி, வியர்த்து, மயங்கி விழக்கூடும். புதிதாக நோயுள்ளவரைக் கண்டறிவதே இப்பரிசோதனையின் நோக்கம். பழைய நோயாளர் பட்டினியிருக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கண் பரிசோதனையே முக்கியம். ஏனெனில் சலரோகம் விழித்திரையை ஓசையின்றிப் பழுதாக்கும்.

விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்ணிலே துளிமருந்து விடுவார்கள். கண்மணி விரிந்து, சில மணித்தியாலம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். தனியே துவிச்சக்கர வண்டியில் வந்தவர் எவ்வாறு வீடு திரும்புவார்?

ஆவணங்களைக் கேட்கும்போது, இல்லாதவர் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அடையாள அட்டை அவசியம்" என்ற மூன்று சொற்கள், அட்டையைத் தொலைத்த முதியவரை வீட்டிலேயே இருத்திவிடும். வைத்தியருக்கு அதைவிடப் பயன்படுவது கிளினிக் கொப்பியும், உட்கொள்ளும் மருந்தும், பழைய மூக்குக் கண்ணாடியுமே.

இன்னொன்று. பார்வை மங்கியவர் சுவரொட்டியைத் தாமே படிக்கமாட்டார். படிப்பவர் மகளோ பேரனோதான். எனவே வாசகம் அவர்களை நோக்கி அமைதல் நன்று.

இனி, எழுதி முடித்த சுவரொட்டி:

உங்கள் வீட்டில் பார்வை மங்கியவர் உண்டா?
இலவசக் கண், சீனிப் பரிசோதனை (பரிசோதனை மட்டும்)
15-ம் திகதி ஞாயிறு, சனசமூக நிலைய மண்டபம்.
பதிவு: மு.ப. 7.30 முதல் 10.30 வரை. முதல் 90 பேருக்கு மட்டும்.
வரக்கூடியோர்: 40 வயதும் அதற்கு மேலும், சலரோகமுள்ளோர் எவ்வயதினரும். எவ்வூரவரும் வரலாம்.
சத்திரசிகிச்சை அன்று நடைபெறாது. தேவையானோருக்கு அரசினர் வைத்தியசாலைக்குக் கடிதம் தரப்படும்.
சலரோக மருந்து எடுப்போர்: வழமைபோல் உண்டு, மருந்தெடுத்து வருக.
ஏனையோர்: முதல்நாள் இரவு 10 மணிக்குப் பின் தண்ணீர் மட்டும். வேறு நோய்க்கான மருந்தை வழமைபோல் எடுக்கலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டறிக.
கொண்டு வருக: கிளினிக் கொப்பி, மருந்துகள், பழைய கண்ணாடி, அடையாள அட்டை. இவை இல்லாதோரும் வரலாம்.
கண்ணில் மருந்து விடப்படும்; துணைக்கு ஒருவரை அழைத்து வருக.
திடீரெனப் பார்வை இழந்தோர், கண் சிவந்து கடுமையாக நோவோர், கண்ணில் காயமுற்றோர் முகாமுக்குக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

அச்சுக்குக் கொடுக்குமுன் முகாம் வைத்தியர் இதனை ஒருமுறை பார்த்தல் வேண்டும். உணவும் மருந்தும் பற்றிய வரிகள் அவர் ஒப்புதலின்றி வெளிவரலாகாது. பின்னர், நிலையத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "சலரோகக்காரரான உங்கள் மாமி அன்று காலை தேநீர் அருந்தலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், அந்த வரியைத் திருத்த இன்னும் நேரமுண்டு.