பங்கு எழுதாமல் லாபத்தில் பங்கு

பத்துப் பதினைந்து வருடம் கல்லாவைப் பார்த்துக்கொண்ட கணக்குப்பிள்ளையோ, திருச்சி காந்தி மார்க்கெட் கொள்முதலைத் தனியாகக் கவனிக்கும் தம்பியோ ஒருநாள் வந்து, "முதலாளி, எனக்கென்று ஒரு பங்கு..." என்று இழுக்கிறார். மறுத்தால் எதிர்க்கடை போட்டுவிடுவாரோ என்று பயம். கூட்டாளியாகச் சேர்த்தாலோ கணக்குப் பார்க்கும் உரிமையும், பிரியும்போது முதலில் பாகமும் கொடுக்க வேண்டும். அவர் கடை பேரில் வாங்கும் கடனுக்கு நாமும் பொறுப்பு. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், ஒருவர் காலமானாலே கூட்டு கலைந்துவிடும்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய வழி உண்டு. திருமயம், பொன்னமராவதிப் பகுதி நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை வைத்தவர்கள் மேலாளை அனுப்பும்போது அவரைக் கூட்டாளி ஆக்கவில்லை. பவர் எழுதிக்கொடுத்து, பொதுவாக மூன்று வருடத் தவணைக்கு அனுப்பினார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம். தவணை முடிவில் லாபத்தில் ஒரு பாகம். முதல் முழுவதும் முதலாளியுடையதே.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. லாபத்தில் பங்கு பெறுவதாலேயே ஒரு வேலையாள் கூட்டாளி ஆகிவிட மாட்டார் என்று 1932-ம் வருட இந்தியக் கூட்டு வணிகச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. ஆனால் மண்டிக்காரரிடமும் பாங்கிலும் "இவர் நம்ம பார்ட்னர்" என்று பெருமைக்குச் சொல்லாதீர்கள். அதை நம்பிச் சரக்குக் கடன் கொடுத்தவருக்கு அவரும் பதில் சொல்ல நேரிடும்.

லாபப் பங்கில் சண்டை வருவது சதவீதத்தில் அல்ல, எது லாபம் என்பதில்தான். ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். புதுக்கோட்டையில் ஒரு மளிகை மொத்தக் கடை. முதல் 50 லட்சம். செலவு போக வருட மிச்சம் 12 லட்சம். இதில் 10 சதவீதம் என்றால் 1,20,000 என்று தம்பி நினைப்பார். முதலாளியோ தம் உழைப்புக்கு மாதம் 30,000 வீதம் 3,60,000-ஐயும், முதலுக்கு 10 சதவீத வட்டியாக 5 லட்சத்தையும் கழிப்பார். மீதி 3,40,000, தம்பிக்கு 34,000. இரண்டும் நியாயம்தான். எதை எடுப்பது என்பதை வருட ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கணக்கில் வரவான லாபம் வேறு, கைக்கு வந்த லாபம் வேறு. 1930-களில் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் பேரேட்டிலிருந்த கடன் பணமாக வராமல் நிலமாக வந்ததை நம் பெரியவர்கள் கண்டார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு மேல் வசூலாகாத பாக்கியைக் கழித்துவிட்டு, அது வசூலாகும் வருடத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. கொடுக்கும் தொகை கடைக்குச் செலவு, அவருக்குச் சம்பள வருமானம். வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கெடுவுக்குள் கையில் கொடுத்துவிட்டால்தான் அந்த வருடச் செலவாக ஏறும்.

வருட லாபம் மட்டும் பார்ப்பவர் கடை வளர்வதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அதற்கு இன்னொரு ஏற்பாடு, நிழல் பங்கு. மேற்படி கடையின் 50 லட்சத்தை 1,000 பாகமாக எண்ணினால் பாகம் 5,000 ரூபாய். இவை வெறும் எண்ணிக்கைதான். உரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. தம்பி பேரில் 50 பாகம் எழுதி, ஐந்து வருடம் கழித்து ஏறிய விலையை மட்டும் ரொக்கமாகக் கொடுப்பதாக ஒப்பந்தம்.

ஐந்தாம் வருட ஐந்தொகையில் சரக்கு, பாக்கி, ரொக்கம் சேர்த்துக் கடன் போக 80 லட்சம் நிற்கிறது என்போம். இதில் முதலாளி நிலம் விற்றுப் போட்ட 10 லட்சம் வியாபாரத்தின் வளர்ச்சி அல்ல; கழிக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு எடுத்த 6 லட்சம் வியாபாரத்தின் நஷ்டமும் அல்ல, கூட்ட வேண்டும். ஆக 76 லட்சம், பாகம் 7,600. ஏற்றம் 2,600 வீதம் 50 பாகத்துக்கு 1,30,000 ரூபாய். விலை இறங்கியிருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை; ஆனால் அவர் கைப்பணமும் போகாது. கடைக் கட்டடத்தைச் சேர்க்காதீர்கள். மனை விலை ஏறியதற்கு அவர் உழைப்புக் காரணம் அல்ல.

அந்த 1,30,000 பெரும்பாலும் சரக்கிலும் பாக்கியிலும் கிடக்கும் என்பதால் இரண்டு மூன்று தவணையாகக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். தாமே நடுவில் விலகினால் என்ன, இறந்தால் வாரிசுக்கு என்ன, கடையை விற்றால் என்ன என்ற மூன்றுக்கும் பதில் தாளில் இருக்க வேண்டும். சரக்கை மதிப்பிடும் ஆடிட்டர் யார் என்பதையும் முன்பே குறித்துவிடலாம்.

பில் போடாத வியாபாரத்துக்குத் தனி நோட்டு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டிலுமே இறங்க வேண்டாம். ஐந்தொகை பொய் என்பது முதலில் தெரிவது கல்லாவில் உட்காரும் அந்தத் தம்பிக்குத்தான்.